இரண்டு ஏக்கரில் பத்துச் செம்மறி: புல்லுக்கு ஓய்வு, புழுவுக்குப் பட்டினி

காங்கேயம், மூலனூர், கரூர்ப் பக்கம் கிளுவை வேலி அடைத்த கொரங்காடுகளில் மேய்ச்சலை மாற்றி மாற்றி விடுவது புதிய பழக்கம் இல்லை. ஒரு காட்டை மேய்த்து முடித்து, படலைச் சாத்தி, அடுத்த காட்டைத் திறப்பார்கள். பெரிய காடுகளுக்கு அது சரியாகவே நடந்தது. பங்கு பிரிந்து இரண்டு ஏக்கரோடு நிற்பவர்கள் அதே பழக்கத்தைத் தொடரும்போதுதான் சிக்கல் வருகிறது. புல் தேறிவிடுகிறது, ஆடு தேறுவதில்லை. மழைக்காலம் முடிவதற்குள் நாலைந்து உருப்படி தாடை வீங்கி நிற்கின்றன. காரணம் துண்டுகளின் எண்ணிக்கையிலும் நாள் கணக்கிலும் இருக்கிறது. பத்து மேச்சேரிப் பெட்டை ஆடுகளும் அவற்றின் குட்டிகளும் உள்ள ஒரு பட்டியை வைத்து அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

1. எந்தப் புழு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.
மழைக்காலத்தில் செம்மறியைச் சாய்ப்பது பெரும்பாலும் ஹீமாங்கஸ் என்ற இரத்தம் உறிஞ்சும் உருண்டைப் புழு. ஆட்டின் நாலாம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு வாழும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம். பெண் புழுவைப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் மாதிரி இருக்கும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது 0.05 மில்லி அளவுதான். ஆனால் ஆயிரம் புழு இருந்தால் நாளுக்கு 50 மில்லி இரத்தம் போகிறது. 25 கிலோ ஆட்டின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல்தான்.

ஒரு பெண் புழு நாளுக்கு ஐயாயிரம் முட்டைக்குக் குறையாமல் இடும். முட்டை புழுக்கையோடு தரைக்கு வந்து, அங்கே பொரித்து, இளம்புழுவாகி, ஈரம் இருக்கும்போது புல்லில் ஏறி நிற்கும். ஆடு அந்தப் புல்லைத் தின்றால் மூன்று வாரத்தில் அது முட்டையிடும் புழுவாகிவிடும். மேய்ச்சலை மாற்றுவதால் நாம் வெட்டுவது இந்தச் சுற்றின் நடுப்பகுதியை, அதாவது புழுக்கையிலிருந்து புல்லுக்குப் போகும் வழியை.

2. மழைக்காலத்தில் ஒரு துண்டில் நாலு நாளுக்கு மேல் நிறுத்தாதீர்கள்.
வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால், புழுக்கையில் இருக்கும் முட்டை ஆட்டைத் தொற்றும் இளம்புழுவாக மாற நாலிலிருந்து ஏழு நாள் போதும். ஆகவே ஆடு இன்று போட்ட புழுக்கை ஐந்தாம் நாளிலிருந்து அதற்கே ஆபத்து. நாலாம் நாள் மாலை வெளியேற்றிவிட்டால், அந்தத் துண்டில் புதிதாக விழுந்த முட்டை எதுவும் அதே சுற்றில் ஆட்டின் வாய்க்குத் திரும்பாது.

புல்லும் இதே நாளைத்தான் சொல்கிறது. கொழுக்கட்டைப் புல்லைக் கடித்த நாலைந்து நாளில் தூரிலிருந்து புதுக் குருத்து கிளம்பும். அது வேரிலும் அடித்தண்டிலும் சேர்த்து வைத்த சத்தைச் செலவழித்து வந்த குருத்து. செம்மறி முற்றிய புல்லை விட்டுவிட்டு அந்தக் குருத்தைத்தான் தேடிக் கடிக்கும். அப்படி இரண்டாம் கடி வாங்கிய தூர் மெலியும், மூன்றாம் கடியில் காயும். காட்டில் ஒரு பக்கம் மொட்டையாகவும் இன்னொரு பக்கம் புல் முற்றிப்போயும் இருந்தால், ஆடு அங்கே அளவுக்கு மேல் தங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

3. திரும்பி வரும் நாளைப் புல்லை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.
வெளியேறும் நாளில் புல்லும் புழுவும் ஒத்துப்போகின்றன. திரும்பும் நாளில் அவை ஒத்துப்போவதில்லை. மழை பெய்த காட்டில் மூன்று, நாலு வாரத்தில் புல் மறுபடி தயாராகிவிடும். இளம்புழுவோ அப்போதுதான் புல்லில் கூட்டமாக நிற்கும்.

பலரும் செய்கிற ஏற்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டை நாலாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு வாரம். ஆடு ஆறாம் நாளும் ஏழாம் நாளும் தன் முதல் நாள் புழுக்கையிலிருந்து கிளம்பிய புழுவைத் தின்கிறது. பிறகு மூன்று வாரம் கழித்து அதே துண்டுக்குத் திரும்புகிறது. அந்த மூன்று வாரத்தில் மீதி முட்டைகளும் பொரித்து, இளம்புழுக்கள் மழையில் புழுக்கையை விட்டு வெளியேறி, இலையில் காத்திருக்கின்றன. புல் அருமையாகத் தழைத்திருக்கும். புழு எண்ணிக்கையைப் பொறுத்தவரை ஒரே காட்டில் அவிழ்த்து விட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. "மாற்றி மேய்த்தும் பூச்சி குறையவில்லை" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் மாட்டியிருக்கிறார்கள்.

தொற்றும் நிலைக்கு வந்த இளம்புழுவால் எதையும் தின்ன முடியாது. அதன் உடம்பைச் சுற்றி ஓர் உறை மூடியிருக்கும். உள்ளே இருக்கும் சேமிப்பைக் கொண்டே உயிர் வாழ வேண்டும். வெயில் கூடக்கூட அது வேகமாக இயங்கும், சேமிப்பும் வேகமாகத் தீரும். குளிர் நாடுகளில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் அதே புழு நம் வெப்பத்தில் சில வாரங்களில் பட்டினியால் சாகிறது. பசிபிக் தீவு நாடான டோங்காவில் வெள்ளாடுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 1994இல் வெளிவந்தது. 10 துண்டுகள், துண்டுக்கு மூன்றரை நாள், ஏறத்தாழ 32 நாள் ஓய்வு. ஒரே இடத்தில் மேய்ந்த ஆடுகளோடு ஒப்பிட்டால், மாற்றி மேய்ந்தவற்றின் புழுக்கையில் முட்டை எண்ணிக்கை பாதிக்கும் கீழே இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் வானம் மூடியே கிடக்கும், புல்லடி காயாது. அதனால் நான் இன்னும் கொஞ்சம் கூட்டி 44 நாள் ஓய்வு வைக்கச் சொல்வேன்.

4. இரண்டு ஏக்கரைப் பன்னிரண்டாகப் பிரிக்கும் வழி.
நாலு நாள் மேய்ச்சல், 44 நாள் ஓய்வு என்றால் ஒரு சுற்று 48 நாள். ஆகவே 12 துண்டுகள் வேண்டும். பன்னிரண்டு வேலி போட வேண்டுமோ என்று மலைக்க வேண்டாம்.

காடு 100 மீட்டர் நீளம், 80 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் நடுவே இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு தடம் விடுங்கள். தடத்தின் ஒரு முனையில் பட்டியும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கட்டும். தடத்துக்கு இரு பக்கமும் ஆறு ஆறு துண்டுகள். ஒவ்வொன்றும் 17 மீட்டர் அகலம், 39 மீட்டர் நீளம். சுமார் 650 சதுர மீட்டர், அதாவது 16 சென்ட். வெளிப்பக்கம் கிளுவை வேலி ஏற்கெனவே இருக்கிறது. துண்டுகளின் எல்லையில் கல் நட்டு, சுண்ணாம்பில் எண் எழுதி வைத்தால் போதும்.

கிடை போடுகிறவர்கள் வைத்திருக்கும் வலையே இதற்குச் சரியான வேலி. இரண்டு பக்கத்துக்கும் தடத்து வாசலுக்குமாகச் சேர்த்து 95 மீட்டர் வலை வேண்டும். அடுத்த துண்டுக்குப் போகும்போது எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை. நடுவில் நிற்கும் வலையை அப்படியே விட்டு, பின்பக்க வலையைக் கழற்றி முன்பக்கம் நட்டால் துண்டு மாறிவிடும். வாசல் வலையையும் அதனோடு நகர்த்துங்கள். குட்டியின் தலை நுழையாத அளவுக்குக் கண் சிறிதாக இருக்க வேண்டும். பெரிய கண் வலையில் கழுத்து மாட்டிக் குட்டி செத்துப்போவது உண்டு.

மேய்ந்து முடித்த துண்டுக்கும் பின்னால் வலை கட்டாயம் வேண்டும். "முன்னால் திறந்து விட்டேன், பழைய பக்கம் போனால் போகட்டும்" என்று விட்டால், ஆடு திரும்பிப் போய்க் குருத்தையும் இளம்புழுவையும் சேர்த்தே கடிக்கும்.

5. துண்டில் எவ்வளவு புல் இருக்கிறது என்று நிறுத்துப் பாருங்கள்.
நாலு குச்சியைக் கட்டி ஒரு மீட்டர் சதுரச் சட்டம் செய்துகொள்ளுங்கள். துண்டில் ஐந்து இடத்தில் போட்டு, தரையிலிருந்து நாலு விரல் உயரம் விட்டு, அதற்கு மேல் உள்ள புல்லை அறுத்து எடை போடுங்கள். பத்துப் பெட்டைக்கும் குட்டிகளுக்கும் நாளுக்கு ஏறத்தாழ 45 கிலோ பச்சைப் புல் வேண்டும். நாலு நாளுக்கு 180 கிலோ. 650 சதுர மீட்டருக்குப் பிரித்தால், சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவு இருந்தால் தாராளம்.

150 கிராம்தான் இருக்கிறது என்றால் என்ன செய்வது? இரண்டே நாளில் மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். எல்லாத் துண்டிலும் அப்படிச் செய்தால் 48 நாள் சுற்று 24 நாளாகச் சுருங்கி, புழு உயிரோடு நிற்கும் நேரத்தில் ஆடு திரும்பி வந்துவிடும். நாலு நாள் கணக்கை மாற்றாமல், குறையும் தீவனத்தைப் பட்டியில் போடுங்கள். நாளுக்கு 20 கிலோ பசுந்தீவனம் அல்லது ஆறேழு கிலோ சோளத்தட்டு அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படிக் குறைந்தால் ஆட்டின் எண்ணிக்கை காட்டுக்கு அதிகம். இரண்டு உருப்படியை விற்பதுதான் வழி.

6. நாலு விரல் உயரத்துக்குக் கீழே மேய விடாதீர்கள்.
இளம்புழுக்களில் பெரும்பகுதி தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். மேலே ஏற ஏறக் குறையும். ஒட்ட மேய்கிற ஆடு அந்த அடிப்பகுதியைத்தான் வழித்துத் தின்கிறது. காலையில் பனி காய்ந்த பிறகு அவிழ்ப்பதும் இதனால்தான். இலை மேல் நீர் இருக்கும்வரை இளம்புழு மேலே நிற்கும், காய்ந்தால் கீழே இறங்கும்.

வெள்வேலங்காயிலும் அகத்தி, சூபாபுல் தழைகளிலும் இந்தத் தொல்லை கிடையாது. மரத்தில் புழு ஏறுவதில்லை. மழை விடாமல் பெய்யும் வாரத்தில் தழையை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு ஆடுகளைப் பட்டியிலேயே நிறுத்திக்கொள்ளலாம். தரையில் போட்டால் புழுக்கையில் புரண்டு வீணாகும்.

7. புல் முற்றுகிறதா? மாட்டை விடுங்கள், அல்லது அறுத்துக் காயப்போடுங்கள்.
நாற்பது நாள் தாண்டிய கொழுக்கட்டைப் புல் கதிர் தள்ளித் தண்டேறும். சத்து குறையும், ஆடு மிச்சம் வைக்கும். நீண்ட ஓய்வுக்கு நாம் கொடுக்கிற விலை இது. நல்ல மழை ஆண்டில் ஓய்வின் பாதியில், இருபது, இருபத்தைந்தாம் நாள் வாக்கில், வீட்டு மாட்டை அந்தத் துண்டில் ஒரு நாள் மேய விடலாம். செம்மறிப் புழுவின் இளம்புழுக்களை மாடு புல்லோடு தின்றுவிடும். வளர்ந்த மாட்டின் வயிற்றில் அவற்றில் மிகப் பெரும்பாலானவை பிழைக்காது. புல்லும் மறுபடி இளசாகத் துளிர்த்து, செம்மறி வரும்போது பதமாக இருக்கும். இதற்குச் சின்னக் கன்றை விடாதீர்கள். கன்றின் வயிற்றில் சில புழுக்கள் தங்கக்கூடும்.

வெள்ளாட்டை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் இந்தப் புழு பொது. செம்மறி போன இடத்தில் வெள்ளாடு, வெள்ளாடு போன இடத்தில் செம்மறி என்று விட்டால் புழுவுக்கு ஓய்வே இல்லாத சாப்பாடு.

மாடு இல்லாதவர்கள் மூன்று, நாலு துண்டை அறுத்துக் காயவைத்துப் போர் போட்டுவிடுங்கள். அறுத்தபின் வெயில் நேரே புல்லடியிலும் புழுக்கையிலும் விழுவதால் புழுவும் சாகும். கோடைக்கும் தீவனம் சேரும்.

8. புதுத் துண்டு திறக்கும்போது குட்டிகளுக்கு முதல் வாய்.
குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி தேற மாதங்கள் ஆகும். ஈன்ற தாய்க்கோ அந்தச் சமயத்தில் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும். ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து ஈன்ற ஆறு, எட்டு வாரம் வரை தாயின் புழுக்கையில் முட்டை ஏகமாக வரும். காட்டை அழுக்காக்குவது தாய், அடிபடுவது குட்டி.

அடுத்த துண்டின் வலையில் ஓரிடத்தில், குட்டி நுழையவும் தாய் நுழையாமலும் இருக்கும் அளவுக்கு ஒரு சந்து விடுங்கள். இரண்டு குச்சியை ஒரு சாண் இடைவெளியில் நட்டுத் தொடங்கி, குட்டி வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நடலாம். மூன்றாம், நாலாம் நாளில் இதைத் திறந்தால் போதும். குட்டிகள் முன்னே போய், ஓய்வு முடிந்த சுத்தமான நுனிப்புல்லைக் கடித்துவிட்டுப் பால் குடிக்கத் திரும்பி வரும்.

9. கண்ணிமையைப் பார்த்த பிறகே மருந்து.
மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டின் கண்ணையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கட்டைவிரலால் மேல் இமையை லேசாக அழுத்தி, கீழ் இமையை இழுத்து, உட்பக்கச் சதையின் நிறத்தை உடனே பார்க்க வேண்டும். இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் நிறம் மாறிவிடும். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா வண்ண அட்டையில் ஐந்து நிறங்கள் உண்டு. செக்கச் சிவப்பு ஒன்று, வெளுப்பு ஐந்து. நாலும் ஐந்தும் வந்த ஆட்டுக்கு மருந்து கட்டாயம். குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் பால் கொடுக்கும் ஆட்டுக்கும் மூன்று வந்தாலே கொடுத்துவிடலாம். கழிச்சல் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். இந்தப் புழுவில் பெரும்பாலும் கழிச்சல் வராது. புழுக்கை உருண்டையாகவே இருக்கும்போது ஆடு வெளுத்துக்கொண்டு போகும். மாலையில் கீழ்த்தாடை தொங்கி வீங்குவது முற்றிய அடையாளம்.

பட்டி முழுக்கப் பூச்சி மருந்து ஊற்றி அன்றைக்கே புதுத் துண்டுக்கு மாற்றுவது சுத்தமான வேலை போலத் தெரியும். ஆனால் மருந்துக்குத் தப்பிய புழு மட்டும்தான் அந்தச் சுத்தமான காட்டில் முட்டையிடும். அடுத்த தலைமுறை முழுவதும் மருந்துக்கு அசையாத கூட்டமாக வளரும். வெளுத்த ஆட்டுக்கு மட்டும் கொடுத்தால், நன்றாக இருக்கும் ஆடுகளிலிருந்து வரும் சாதாரணப் புழுவும் காட்டில் கலந்து, எதிர்ப்புள்ளதை நீர்க்கச் செய்யும். அளவைக் கண்ணால் மதிப்பிடாமல், துணித் தொட்டிலில் வைத்துத் தொங்கு தராசில் எடை போட்டுக் கொடுங்கள். குறைந்த அளவும் எதிர்ப்பை வளர்க்கும். அல்பெண்டசோல் மருந்தைச் சினையின் முதல் மாதத்தில் தவிர்க்க வேண்டும். எந்த மருந்து என்பதைக் கால்நடை மருத்துவரே சொல்லட்டும்.

மாற்று மேய்ச்சல் வேலை செய்கிறதா என்று அறிய, தொடங்கும்போதும் இரண்டு மாதம் கழித்தும் புழுக்கையில் முட்டை எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். புழுக்கையைத் தரையில் பொறுக்காமல் ஆசனவாயிலிருந்தே எடுத்து, உறையில் காற்றில்லாமல் கட்டி, குளிர்ச்சியாக அன்றே கொண்டுபோக வேண்டும். சூட்டில் வைத்தால் முட்டை வழியிலேயே பொரித்து, எண்ணிக்கை குறைத்துக் காட்டும்.

10. கோடையில் கணக்கு வேறு.
மாசி, பங்குனி வெயிலில் புழுக்கை இரண்டொரு நாளில் காய்ந்துவிடும். முட்டை பொரிப்பதற்கு முன்பே சாகும். அப்போது நாலு நாள் கட்டுப்பாடு புழுவுக்காகத் தேவையில்லை. ஆனால் உறங்கும் புல்லை வேரோடு பெயர்க்காமல் காக்க வேண்டும். பட்டியை ஒட்டிய ஒரு துண்டை மட்டும் பலி கொடுத்து, ஆடுகளை அங்கே நிறுத்தித் தட்டு போடுங்கள். மீதிப் பதினொன்றையும் சாத்திவிடுங்கள்.

சித்திரையில் கோடை மழை விழுந்ததும், கணக்கைத் துண்டு ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஆட்டின் வயிற்றில் அடங்கிக் கிடந்த புழுக்கள் எழுந்து முட்டையிடும் காலம் அது. மழைக்குப் பின் இரண்டு, மூன்று வாரத்தில் கண்ணிமைப் பார்வையை விடக் கூடாது. பலி கொடுத்த துண்டைக் கடைசி முறைக்குத் தள்ளுங்கள்.

11. தொட்டியடியும் பட்டியும்.
தண்ணீர் சிந்தும் இடத்தில் புல் முளைத்தால் செதுக்கிவிடுங்கள். எந்நேரமும் ஈரமும் புழுக்கையும் சேரும் இடம் அது. தடத்திலும் புல் விடக் கூடாது. பட்டி எருவை மேய்ச்சல் துண்டில் பச்சையாக இறைக்காதீர்கள். குவித்து, சூடேறி மக்கியபின் வயலுக்குக் கொண்டுபோங்கள்.

12. ஏரிக்கும் சந்தை ஆட்டுக்கும் தனி எச்சரிக்கை.
பகலில் சொந்தத் துண்டில் மேய்த்துவிட்டு, சாயங்காலம் ஏரிக்கரைப் பொதுப் புல்லில் அவிழ்த்து விட்டால் இத்தனை கணக்கும் வீண். ஏரி ஓரத்து நத்தையால் வரும் ஈரல் தட்டைப்புழுவுக்கும் இந்த ஓய்வு முறை தீர்வாகாது. அதற்கு அந்தக் கரையில் மேய்க்காமல் இருப்பதே வழி.

சந்தையில் வாங்கிய ஆட்டை நேரே துண்டில் சேர்க்காதீர்கள். மருந்துக்கு அசையாத புழு பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேரும். இரண்டு, மூன்று வாரம் தனியாகக் கட்டி, மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து முட்டை எண்ணிப் பாருங்கள். முட்டை இல்லையென்றானதும், அன்று உங்கள் ஆடுகள் எந்தத் துண்டில் மேய்கின்றனவோ அதிலேயே சேருங்கள். அதற்கென்று ஓய்வில் இருக்கும் துண்டைத் திறக்க வேண்டாம்.